ஐந்நூறு ரூபாய்க் கைப்பிடியும் ஐந்நூறு ரூபாய் விளக்குக் கூண்டும்: இறக்குமதிச் சரக்கின் அடக்கத்தைச் சரியாகப் பிரிப்பது எப்படி

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று. அதன் கணக்கை நான் பார்க்கிறேன். போன வருடம் கடைக்காரர் சீனாவிலிருந்து முதன்முறையாக நேரடியாகச் சரக்கு எடுத்தார். ஆத்தங்குடி ஓடு போடுகிறவர்களுக்குக் கொடுக்க அயர்ன் ஆக்சைடு சாயப்பொடி, கதவுகளுக்குப் பித்தளைக் கைப்பிடி, வளவில் தொங்கவிட கண்ணாடி விளக்குக் கூண்டு என்று மூன்று வகை. கைப்பிடியும் ஐந்நூறு ரூபாய், கூண்டும் ஐந்நூறு ரூபாய். சரக்கு கடைக்கு வந்து சேர்ந்ததும் அவரே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு, இரண்டுக்கும் 668 ரூபாய் 64 காசு அடக்கம் என்று எழுதி வைத்திருந்தார். கூண்டை 750 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு உள்ளங்கையில அடங்குது, இன்னொண்ணு பானை அளவு இருக்கு. ரெண்டும் ஒரே கப்பல் கூலியில எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொத்தச் செலவ மொத்தச் சரக்கு மதிப்பால வகுத்தேன், தப்பா?" என்றார்.

கூட்டல் வகுத்தலில் தப்பில்லை. தப்பு அளவுகோலில் இருந்தது. அந்தக் கணக்கை மறுபடி போட்ட விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்கு எளிதாகப் புரிய எண்களை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். தீர்வை விகிதங்களும் உதாரணத்துக்காக வைத்தவைதான். உங்கள் பொருளுக்கு உரிய விகிதம், இறக்குமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேசையில் வைக்க வேண்டிய காகிதங்கள்

சப்ளையரின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி, கப்பல் கூலி பில், இன்சூரன்ஸ், கிளியரிங் ஏஜென்ட் பில், தூத்துக்குடியிலிருந்து வந்த லாரி பில். இவற்றில் பலரும் புரட்டிக்கூடப் பார்க்காதது பேக்கிங் லிஸ்ட். நமக்கு வேண்டிய முக்கிய விஷயம் அதில்தான் இருக்கிறது: எத்தனை பெட்டி, பெட்டியின் நீள அகல உயரம், எடை.

நம் சரக்கில் கூண்டுகள் பெட்டிக்குப் பத்தாக 40 பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் 60 × 50 × 50 செ.மீ., அதாவது 0.15 கன மீட்டர். ஆக 400 கூண்டுக்கு 6 கன மீட்டர். கைப்பிடிகள் பெட்டிக்குப் பதினைந்தாக 40 சிறு பெட்டி. 40 × 25 × 25 செ.மீ. என்பதால் எல்லாம் சேர்த்து 1 கன மீட்டர். பொடி 25 கிலோ மூட்டை நாற்பது, ஒரே பலகையில் அடுக்கி 1 கன மீட்டர். இப்படி நீங்களே பெருக்கிப் பாருங்கள். பேக்கிங் லிஸ்டின் அடியில் மொத்தமாக எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கப்பல் கூலி பில்லில் காட்டியிருக்கும் கன மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் துறைமுகக் குடோனில் மறுபடி அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் எந்தப் பெட்டியை எப்படி அளந்தார்கள் என்று ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள்.

| பொருள் | எண்ணிக்கை | இன்வாய்ஸ் மதிப்பு (ரூ.) | எடை (கிலோ) | கன மீட்டர் |
|---|---|---|---|---|
| சாயப்பொடி | 1,000 கிலோ | 1,00,000 | 1,000 | 1 |
| கைப்பிடி | 600 | 3,00,000 | 600 | 1 |
| கூண்டு | 400 | 2,00,000 | 400 | 6 |
| மொத்தம் | | 6,00,000 | 2,000 | 8 |

செலவுகளைக் குவியல் குவியலாகப் பிரிப்பது

எந்தச் செலவை எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தொகையை நம்மிடம் வாங்கியவர் எதைப் பார்த்து வாங்கினார்? அவர் எதை அளந்தாரோ அதைக் கொண்டேதான் நாமும் பிரிக்க வேண்டும்.

கப்பல் கூலி 30,000 ரூபாய். இது எல்சிஎல், அதாவது முழு கன்டெய்னர் எடுக்காமல் மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து வந்தது. எல்சிஎல்லில் எடை, கன அளவு இரண்டையும் பார்த்து, எது பெரிதோ அதற்குக் கூலி போடுவார்கள். ஒரு டன்னும் ஒரு கன மீட்டரும் அவர்களுக்குச் சமம். நம் சரக்கு 2 டன், 8 கன மீட்டர். ஆகவே எட்டுக்குத்தான் கூலி. துறைமுகக் குடோனில் கன்டெய்னரைப் பிரித்து இறக்கிய செலவு 42,000, அதுவும் கன மீட்டர் கணக்கில்தான். (சீனா எல்சிஎல்லில் கப்பல் கூலியைக் கம்மியாகச் சொல்லி, இறக்குமிடத்துச் செலவில் பிடித்துக்கொள்வார்கள். முதல் தடவை எடுப்பவர்கள் இதில் முழித்துப்போவார்கள். கூலி என்ன என்று விசாரிக்கும்போதே இங்கே இறங்கும் செலவையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.) காரைக்குடிக்கு லாரி 16,000. 2 டன் என்பது அந்த வண்டிக்குப் பெரிய பாரமே இல்லை, வண்டியை நிரப்பியது கூண்டுப் பெட்டிகள். ஆகவே அதையும் கன அளவில் போட்டேன். மூன்றும் சேர்ந்து 88,000.

இன்சூரன்ஸ் 6,000. இது மதிப்பைப் பார்த்துக் கட்டியது, மதிப்பில்தான் பிரியும். ஏஜென்ட் கூலி, டெலிவரி ஆர்டர், காகிதச் செலவு எல்லாம் சேர்ந்து 18,000. இது ஒரு சரக்குக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கியது, எதையும் அளக்கவில்லை. இப்படிப்பட்டதை மதிப்பில் போடுவது என் வழக்கம். சமமாகப் பிரிப்பவர்களும் உண்டு. அதிலும் தப்பில்லை, தடவைக்குத் தடவை மாற்றாமல் இருந்தால் போதும். இந்தக் குவியல் 24,000.

அப்புறம் சுங்கத் தீர்வை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

தீர்வையைப் பிரிக்காதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள்

தீர்வையை மொத்தமாக எடுத்து மதிப்பால் வகுக்கிறவர்கள்தான் அதிகம். அதற்குத் தேவையே இல்லை. பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. அதில் அந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்று ரூபாயில் போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து எழுதினால் முடிந்தது. பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும்போது மொத்தத்தை வகுத்தால், பொடிக்காரர் தலையில் கூண்டின் தீர்வையைக் கட்டியதாகிவிடும்.

அந்த எண் எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். சுங்கத்துறை தீர்வை போடுவது இன்வாய்ஸ் விலைக்கு மட்டும் அல்ல. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்புக்கு. 6,00,000 + 30,000 + 6,000 = 6,36,000. அந்த 36,000-ஐ அவர்கள் பொருள்களுக்கு இடையே மதிப்பு விகிதத்தில் பரப்புகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 6 சதவீதம். ஆக கூண்டின் தீர்வை மதிப்பு 2,12,000. விகிதம் 20 சதவீதம் என்றால் அடிப்படைத் தீர்வை 42,400. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ் 4,240. மொத்தம் 46,640. இதே போல் கைப்பிடிக்கு 10 சதவீதத்தில் 34,980, பொடிக்கு 7.5 சதவீதத்தில் 8,745. மூன்றும் சேர்ந்து 90,365.

இங்கே ஒரு சந்தேகம் வரும். சுங்கத்துறை கப்பல் கூலியை மதிப்பில் பிரிக்கிறது, நாம் கன அளவில் பிரிக்கிறோமே, முரண்பாடு இல்லையா? இல்லை. அவர்கள் பிரித்தது தீர்வை போடுவதற்கு. கூண்டுக்கு அவர்கள் எவ்வளவு தீர்வை வாங்கினார்களோ அது உண்மையாகவே கையைவிட்டுப் போன பணம். அதனால் அதை அப்படியே எடுக்கிறோம். கப்பல் கூலியை அடக்கத்தில் ஏற்றும்போது நம் அளவுகோலில் ஏற்றுகிறோம். பில் ஆஃப் என்ட்ரியிலிருந்து தீர்வைத் தொகையை மட்டும் எடுங்கள். அதில் உள்ள பொருள் மதிப்பை உங்கள் கணக்கில் ஏற்ற வேண்டாம். அங்கே இருப்பது சுங்கத்துறை அறிவித்த டாலர் விகிதம், உங்கள் புத்தகத்தில் இருப்பது வங்கி விகிதம். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று ராத்திரி உட்கார்ந்து தேடியவர்களில் நானும் ஒருவன்.

கப்பல் கூலி ரசீதை ஏஜென்டிடம் சரியான நேரத்தில் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, கூலி தெரியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், 20 சதவீதத்தைக் கூலியாக வைத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் தெரியாவிட்டால் 1.125 சதவீதம். நம் கணக்கில் 30,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,20,000 ஏறும். தீர்வை மட்டும் சுமார் 12,800 ரூபாய் கூடும். பில் ஆஃப் என்ட்ரியில் கூலி சரியாக இன்வாய்ஸில் ஐந்தில் ஒரு பங்காக நின்றால், ரசீது போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஐஜிஎஸ்டியை உள்ளே விடாதீர்கள்

இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டி இது. பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும் வரிகளிலேயே பெரிய தொகை இதுதான். அதனால் இது கண்ணை உறுத்தும். நம் சரக்கில் 18 சதவீதம் என்று வைத்தால் சுமார் 1,30,746 ரூபாய், தீர்வையைவிட அதிகம். ஆனால் வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு இது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். திரும்பக் கிடைக்கிற வரி அடக்கத்தில் சேராது. அடிப்படைத் தீர்வையும் சர்சார்ஜும் திரும்பாது, அவை சேரும். ஏஜென்ட் பில், குடோன் பில் இவற்றில் உள்ள ஜிஎஸ்டிக்கும் இதே விதிதான். மேலே நான் சொன்ன தொகை எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாகத்தான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி கிடையாது, அவருக்கு ஐஜிஎஸ்டியும் அடக்கம்தான்.

இப்போது கூட்டுவோம்

இடத்தைப் பார்த்து வாங்கிய 88,000-ஐ 8 கன மீட்டரால் வகுத்தால், கன மீட்டருக்கு 11,000. பொடிக்கு 11,000, கைப்பிடிக்கு 11,000, கூண்டுக்கு 66,000. மதிப்பில் பிரியும் 24,000 ரூபாய் 1 : 3 : 2 என்ற விகிதத்தில் 4,000, 12,000, 8,000.

| பொருள் | இன்வாய்ஸ் | இடம் | மதிப்பு | தீர்வை | மொத்தம் | ஒன்றுக்கு |
|---|---|---|---|---|---|---|
| சாயப்பொடி | 1,00,000 | 11,000 | 4,000 | 8,745 | 1,23,745 | 123.75 |
| கைப்பிடி | 3,00,000 | 11,000 | 12,000 | 34,980 | 3,57,980 | 596.63 |
| கூண்டு | 2,00,000 | 66,000 | 8,000 | 46,640 | 3,20,640 | 801.60 |

மூன்றையும் கூட்டினால் 8,02,365. கொடுத்த பணத்தைத் தனியாகக் கூட்டினாலும் 8,02,365. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒத்துப்போகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கடைக்காரர் 750-க்கு விற்ற கூண்டில் 81 ரூபாய் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் ஒவ்வொன்றிலும் 51 ரூபாய் 60 காசு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடியில் இதற்கு நேர் எதிர். அடக்கம் 72 ரூபாய் கூடுதலாகத் தெரிந்ததால் விலையை ஏற்றி வைத்து, பக்கத்துத் தெருக் கடைக்கு வாடிக்கையாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

எடையில் பிரித்திருந்தால்?

மதிப்பு வேண்டாம் என்றதும் பலர் உடனே எடைக்குத் தாவுவார்கள். அந்த 88,000-ஐ இங்கே எடையில் பிரித்தால் பொடி தலையில் 44,000 ஏறி, கிலோ 156 ரூபாய் 75 காசு ஆகிவிடும். கூண்டு 680 ரூபாய் 60 காசாக இறங்கிவிடும். அதாவது மதிப்பில் பிரித்தபோது இருந்த அதே நோய், கூடவே பொடிக்கும் ஒரு புது நோய். எல்சிஎல்லில் எடைக்குக் கூலியே வாங்கவில்லை என்பதால் இந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஆனால் இதே சரக்கு விமானத்தில் வந்திருந்தால் கதை மாறும். விமானத்தில் நீள அகல உயரத்தை செ.மீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்துக் கன எடை பார்ப்பது வழக்கம். 8 கன மீட்டருக்கு அது 1,333 கிலோ. நிஜ எடை 2,000 கிலோ. பெரியது நிஜ எடை, ஆகவே கூலி எடைக்குத்தான். அப்போது எடையில் பிரிப்பதுதான் நியாயம். அதே மூன்று பொருள், அதே பெட்டிகள், வந்த வழி மட்டும் வேறு, அளவுகோலும் வேறு. முழு கன்டெய்னர் எடுத்தாலும் இப்படித்தான் யோசிக்க வேண்டும். இடம் நிரம்பியதால் கதவை மூடினார்களா, எடை வரம்பைத் தொட்டதால் மூடினார்களா? முன்னது என்றால் கன அளவு, பின்னது என்றால் எடை. வெறும் பொடி மூட்டையாக ஏற்றினால் கன்டெய்னரில் இடம் மிச்சம் இருக்கும்போதே எடை முடிந்துவிடும்.

அப்படியானால் மதிப்பில் பிரிப்பது எப்போதும் தப்பா? ஒரே மாதிரி பொருள்கள், கிட்டத்தட்ட ஒரே விலை, ஒரே பருமன் என்றால் எதில் பிரித்தாலும் ஒன்றுதான். மதிப்பு எளிது, அதில் போட்டுவிடுங்கள். கைப்பிடியில் நாலு டிசைன் இருந்தால் அவற்றுக்குள் நான் அப்படித்தான் செய்கிறேன்.

கணினியில் போடும்போது

எக்செலில் பொருள் பெயர் A, எண்ணிக்கை B, மதிப்பு C, எடை D, கன அளவு E, தீர்வை F என்று வரிசையாக வைத்து, J1-இல் 88,000, J2-இல் 24,000 போட்டால் இவ்வளவுதான்:

```
G2: =ROUND($J$1*E2/SUM(E$2:E$4),2)
H2: =ROUND($J$2*C2/SUM(C$2:C$4),2)
I2: =(C2+F2+G2+H2)/B2
```

கூலி எடைக்கு வாங்கியது என்றால் G-யில் E-க்குப் பதில் D. பைசா முழுமையாக்குவதில் ஒன்றிரண்டு காசு மிச்சம் நின்றால், கடைசிப் பொருளில் சேர்த்துவிடுங்கள்.

டேலியில் Appropriate by Qty, Appropriate by Value என்று இரண்டு வழி தெரியும். இதில் Qty என்பதை எடை என்று நினைத்துவிடாதீர்கள். அது நீங்கள் போட்ட எண்ணிக்கை. நம் சரக்கில் 1,000 கிலோ பொடி, 600 கைப்பிடி, 400 கூண்டு மூன்றையும் 2,000 என்று கூட்டி, பாதிக் கூலியைப் பொடியின் தலையில் கட்டிவிடும். கிலோவையும் உருப்படியையும் கூட்டிய அந்த 2,000-க்கு எந்த அர்த்தமும் கிடையாது. ERPNext-இல் Landed Cost Voucher எடுத்தால் Distribute Charges Based On என்ற இடத்தில் Qty, Amount தவிர Distribute Manually என்றும் இருக்கும். எக்செலில் வந்த தொகையை அதில் கையால் ஏற்றுவதே எனக்கு நிம்மதி. தீர்வையை எப்படியும் கையால்தான் ஏற்ற வேண்டும், அது பிரிக்கிற தொகை அல்லவே.

உடைந்ததும், பிந்தி வந்ததும்

பெட்டியைப் பிரித்தபோது எட்டுக் கூண்டு உடைந்திருந்தது. கண்ணாடிச் சரக்கில் இவ்வளவு உடையும் என்று எதிர்பார்த்ததுதான். ஆகவே 3,20,640-ஐ 400-ஆல் வகுக்காமல், நல்லபடியாக வந்த 392-ஆல் வகுத்தேன். கூண்டின் அடக்கம் 817 ரூபாய் 96 காசு ஆனது. லாரி கவிழ்ந்து நூறு கூண்டு போயிருந்தால் இப்படிச் செய்யக்கூடாது. அது வழக்கத்துக்கு மாறான நஷ்டம், அந்த வருட நஷ்டக் கணக்கில் போக வேண்டும், மிச்சமுள்ள கூண்டுகளின் விலையில் ஒளிந்துகொள்ளக் கூடாது. காகிதம் தயாராகாமல் சரக்கு குடோனில் நாள்கணக்கில் கிடந்து கட்டிய தாமதக் கட்டணத்தையும் நான் அடக்கத்தில் ஏற்றுவதில்லை. அது நம் கவனக்குறைவுக்கான செலவு.

எல்லாம் முடிந்து விலைச்சீட்டும் ஒட்டியாகிவிட்டது. ஆறு வாரம் கழித்து ஏஜென்டிடமிருந்து விட்டுப்போன பில் ஒன்று வந்தது, குடோன் செலவில் கன மீட்டருக்கு 500 வீதம் 4,000 ரூபாய். கூண்டின் பங்கு 3,000. அதற்குள் பாதிக் கூண்டு, 196, விற்றுப்போயிருந்தது. ஆகவே 1,500-ஐ விற்ற சரக்கின் செலவில் போட்டு, மீதி 1,500-ஐ இருப்பில் உள்ள 196 கூண்டில் ஏற்றினேன். ஒன்றுக்கு 7 ரூபாய் 65 காசு. கடைக்காரர் 750 சீட்டுகளைக் கிழித்துவிட்டு 990 என்று ஒட்டிக்கொண்டிருந்தார். "இந்த ஏழு ரூபாயையும் சேத்துரவா?" என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த தடவை பில் எல்லாம் வந்துவிட்டதா என்று ஏஜென்டிடம் எழுதி வாங்கிய பிறகே சீட்டு ஒட்டுவது என்று முடிவானது.